விட்டுப்போன இடங்களுள்ள வகுப்புப் பதிவைப் பாடக் குறிப்பாக்குதல்

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம். சார் எடுத்த கைனெட்டிக்ஸ் கிளாஸைப் போன்ல ரெக்கார்ட் பண்ணி எழுத்தா மாத்தினேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால நேரம் நிக்குது. ஷீட் கூரையில மழை விழுந்ததுல நடுநடுவே நெறைய விட்டுப்போச்சு. இதைப் படிக்கிற மாதிரி நோட்ஸா எப்படி ஆக்குறது? (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாணவர்)

பதில்:

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள்: நேரக்குறிகளை இப்போது அழித்துவிடாதீர்கள். குறிப்பெடுக்க உட்காரும் பலரும் அந்த எண்கள் கண்ணை உறுத்துகின்றன என்று முதல் வேலையாக அவற்றை நீக்கிவிட்டு, வரிகளை ஒட்டிப் பத்தியாக்கிக்கொள்கிறார்கள். அப்படி ஒட்டியவுடன், மழையில் விட்டுப்போன இடம் எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போகிறது. அதற்கு முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் அடுத்தடுத்த வாக்கியங்களாக நின்று, ஒன்றுக்கு ஒன்று காரணம் போலத் தோன்றத் தொடங்குகின்றன. முதல்வகை வினையைப் பற்றிய வாக்கியமும் பூஜ்ய வகை வினையைப் பற்றிய வாக்கியமும் ஏறக்குறைய ஒரே சொற்களால் ஆனவை என்பதால், வேதிவினை வேகவியலில் இந்த ஆபத்து மற்றப் பாடங்களைவிட அதிகம். ஆகவே மூல எழுத்துப்படியை அப்படியே ஒரு கோப்பாக வைத்துக்கொண்டு, அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒலிப்பதிவையும் அழிக்க வேண்டாம்.

அடுத்த வேலை, வரிகளைப் படிப்பதற்கு முன் நேரங்களை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு போவது. வகுப்பில் பேசுகிறவரின் வரிகள் சாதாரணமாக ஐந்து முதல் பத்து நொடி இடைவெளியில் வரும். அது திடீரென்று இருபது நொடியோ ஒரு நிமிடமோ தாவினால் அங்கே ஒரு கோடு போடுங்கள். பிறகு அந்தக் கோட்டுக்குப் பதினைந்து நொடி முன்னாலிருந்து ஒலியைப் போட்டுக் கேளுங்கள். மழை இரைச்சல் மட்டும் கேட்டால் பேச்சு தொலைந்திருக்கிறது என்று பொருள். சாக்குக்கட்டி பலகையில் தட்டும் ஒலி கேட்டால், ஆசிரியர் பேசாமல் சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அங்கே தொலைந்தது பேச்சு அல்ல, பலகையில் இருந்த எழுத்து. அதைத் தேட வேண்டிய இடமும் வேறு. எடவப்பாதி மழைக்காலத்தில் ஷீட் கூரைக்குக் கீழே எடுத்த பதிவில் இந்த இரண்டும் கலந்தே இருக்கும். காதால் கேட்டுப் பிரித்தாலொழிய எழுத்துப்படியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நேரம் தாவாமலேயே விட்டுப்போகும் இடங்களும் இரண்டு வகை உண்டு. பதிவை நடுவில் நிறுத்திவைத்துவிட்டு மறுபடி தொடங்கியிருந்தால் பதிவின் நேர ஓட்டமும் கூடவே நின்றுவிடும். எனவே பத்து நிமிடம் தொலைந்திருந்தாலும் வரிகளின் நேரம் ஒழுங்காகவே ஓடும். இதைப் பொருளால்தான் கண்டுபிடிக்க முடியும். பாதியில் அறுந்த வாக்கியம், 'இதுபோலவே' என்று தொடங்கும் வரிக்கு முன்னால் எதுவுமே இல்லாமல் இருப்பது, வருவிக்காத சூத்திரம் திடீரென்று விடையில் வந்து நிற்பது ஆகியவை இதற்கான அடையாளங்கள். மற்றொரு வகை, ஒலியை எழுத்தாக்கும் மென்பொருள் இரைச்சலைச் சொல்லாக எண்ணி ஏதோ ஒன்றை எழுதி நிரப்பிவிடுவது. 'நன்றி, நன்றி' என்றோ, சற்று முன் வந்த வரியே மூன்று முறையோ, சீரான இடைவெளியில் வந்திருந்தால் அங்கே பேச்சு இல்லை என்று கொண்டு அதையும் இடைவெளியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, இடைவெளியை எப்படிக் கையாள்வது என்பதற்கு வருகிறேன். இதே பாடத்தில் என்னிடம் படிக்கும் ஒரு மாணவி கொண்டுவந்த எழுத்துப்படியிலிருந்து ஒரு துண்டை அப்படியே தருகிறேன்.

```
21:40  ஃபர்ஸ்ட் ஆர்டருக்கு கே எவ்வளவு, 2.303 பை டி, லாக் ஏ நாட் பை ஏ
21:52  டி ஹாஃப்ல ஏ பாதியாயிரும், அதை உள்ள போடுங்க
21:57  693 பை கே
22:06  பாருங்க, இதுல ஏ நாட்டே இல்ல
23:31  அதனால ஆரம்பத்துல கூடுதலா எடுத்தா டி ஹாஃபும் கூடும்
23:40  யூனிட்டு மோல் பெர் லிட்டர் பெர் செகண்ட்
23:48  இது பரீட்சைக்குக் கேப்பான், எழுதி வச்சுக்கிடுங்க
```

நேரக்குறிகளை அழித்துவிட்டு இதைப் படித்துப் பாருங்கள். 'இதில் ஏ நாட் இல்லை, அதனால் ஆரம்பத்தில் கூடுதலாக எடுத்தால் அரைவாழ் காலமும் கூடும்' என்று, காரணமும் விளைவும் போல, சரளமாக ஓடுகிறது. ஆனால் இது முற்றிலும் தவறான வேதியியல். சூத்திரத்தில் துவக்கச் செறிவே இல்லாதபோது அரைவாழ் காலம் அதைச் சார்ந்து எப்படிக் கூடும்? 22:06க்கும் 23:31க்கும் நடுவில் ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் தொலைந்திருக்கிறது. அந்த நேரத்தில் பேச்சு வேறு வினைக்குப் போய்விட்டது. அந்த மாணவி நேரத்தை நீக்கியிருந்தால், 'அதனால' என்ற ஒரு சொல் இரு வேறு வினைகளைப் பசைபோட்டு ஒட்டியிருக்கும்.

எந்த வினைக்குப் போனது என்பதை இடைவெளியின் இரு கரைகளிலும் இருப்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இக்கரையில், முதல்வகை வினையின் அரைவாழ் காலம் துவக்கச் செறிவைச் சாராது என்று முடித்திருக்கிறார். அக்கரையில் நமக்கு இரண்டு சாட்சிகள் கிடைக்கின்றன. முதலாவது, துவக்கச் செறிவு கூடினால் அரைவாழ் காலமும் கூடுகிறது. இரண்டாவது, வேக மாறிலியின் அலகு mol L⁻¹ s⁻¹. இந்த அலகு பூஜ்ய வகை வினைக்கு உரியது. முதல்வகைக்கு s⁻¹, இரண்டாம் வகைக்கு L mol⁻¹ s⁻¹ என்று வரும். அலகு மட்டும் போதாதென்றால் முதல் சாட்சியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாம் வகையில் துவக்கச் செறிவு கூடும்போது அரைவாழ் காலம் குறையும். கூடுவது பூஜ்ய வகையில். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுவதால், 23:31 முதல் பேசப்படுவது பூஜ்ய வகை வினை என்று நம்பிக்கையோடு எழுதலாம்.

நடுவில் ஆசிரியர் என்ன வருவித்திருப்பார் என்பதையும் நாமே வருவித்துக்கொள்ள முடியும். பூஜ்ய வகையில் [A] = [A]₀ − kt. இதில் t₁/₂ ஆகும்போது [A] என்பது [A]₀/2. பதிலிட்டால் kt₁/₂ = [A]₀/2, அதாவது t₁/₂ = [A]₀/2k. துவக்கச் செறிவு மேலே, தொகுதியில் நிற்பதால் அது கூடக் கூட அரைவாழ் காலமும் கூடுகிறது. 23:31இல் 'அதனால' என்று ஆசிரியர் சொன்னது இதைத்தான். தமிழ்வழியில் படித்து வந்தவராக இருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூலின் 'வேதிவினை வேகவியல்' பாடத்திலேயே இந்த இரு வருவித்தல்களும் இருக்கின்றன. சரிபார்க்க அதுவே போதும்.

இந்தத் துண்டிலேயே வேறொரு பிழை இருக்கிறது. 21:57இல் '693 பை கே' என்று நிற்கிறது. ஆசிரியர் 'பாயின்ட் சிக்ஸ் நைன் த்ரீ' என்று சொல்லியிருப்பார்; புள்ளி எழுத்துப்படியில் விழவில்லை. இதை ஊகத்தால் திருத்தாமல் கணக்கால் திருத்துங்கள்: log 2 = 0.3010, அதை 2.303ஆல் பெருக்கினால் 0.693. வகுப்புப் பதிவுகளில் நம்பவே கூடாதவை எண்ணின் புள்ளி, அடுக்கின் எதிர்க்குறி, வினைச்சொல்லின் எதிர்மறை ஆகிய மூன்றும்தான். 'சாரும்' என்பதும் 'சாராது' என்பதும் வேகமான பேச்சில் வாலில் மட்டுமே வேறுபடுகின்றன. மழைத்துளி அந்த வாலைத்தான் முதலில் விழுங்குகிறது. ஆகவே எழுத்துப்படியில் எதிர்மறை வருகிற, அல்லது வர வேண்டிய ஒவ்வொரு வரியையும் ஒலியோடு வைத்துக் கேட்டே ஏற்றுக்கொள்ளுங்கள். நம்மூர்ப் பேச்சு வழக்கும் சில இடங்களில் தடுமாறவைக்கும். எஸ்டர் நீராற்பகுப்பைச் சொல்லும்போது 'வெள்ளம் கூடுதலா எடுக்கோம்' என்று நின்றால், நீர் மிகையாக எடுக்கப்படுவதால் அதன் செறிவு ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது, அதனால் அது போலி முதல்வகை வினை என்று விரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

வருவிக்க முடியாத இடைவெளிகள் இனி. 23:48இல் 'இது பரீட்சைக்குக் கேப்பான்' என்கிறார். எது? அலகையா, பூஜ்ய வகையின் அரைவாழ் காலத்தையா, அல்லது மழையில் தொலைந்த நேரத்தில் இரு வகைகளையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டு அதைச் சொல்கிறாரா? வேதியியல் இதற்குப் பதில் சொல்லாது. சூத்திரம் எங்கே போனாலும் திரும்பக் கிடைக்கும், ஆனால் ஆசிரியரின் விரல் பலகையில் எதைச் சுட்டிக்கொண்டிருந்தது என்பது கிடைக்காது. இப்படிப்பட்ட இடத்தில் பொருத்தமாகத் தோன்றுவதை எழுதி நிரப்பிவிடுவதுதான் குறிப்பெடுப்பதில் மிகக் கெட்ட பழக்கம் என்று நான் கருதுகிறேன். ஒரு மாதம் கழித்து அதை எடுத்துப் படிக்கும்போது, எது ஆசிரியர் சொன்னது, எது நாம் எழுதிச் சேர்த்தது என்று நமக்கே தெரியாது. அங்கே ஒரு கேள்விக்குறி போட்டு நேரத்தையும் எழுதி விட்டுவிடுங்கள்.

பலகையில் இருந்ததைத் திரும்பப் பெற ஒரு வழி உண்டு. வகுப்பில் யாராவது பலகையைப் படம் எடுத்திருப்பார்கள். படத்தின் விவரத்தைத் திறந்தால் எடுத்த மணி இருக்கும். உங்கள் பதிவு காலை 10:25க்குத் தொடங்கியிருந்தால், 10:48க்கு எடுத்த படம் பதிவின் 23ஆம் நிமிடத்துக்கு உரியது. தொலைந்த இடம் அதுதான். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: கோப்புப் பட்டியலில் ஒலிப்பதிவுக்கு நேராகத் தெரியும் மணி பெரும்பாலும் பதிவு முடிந்து கோப்பு சேமிக்கப்பட்ட நேரம், தொடங்கிய நேரம் வேண்டுமென்றால் அதிலிருந்து பதிவின் மொத்த நீளத்தைக் கழிக்க வேண்டும். நடுவில் நிறுத்தி நிறுத்திப் பதிந்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது படத்தில் உள்ள சமன்பாட்டை வைத்துத்தான் இடம் கண்டுபிடிக்க முடியும். வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தில் அனுப்பப்பட்ட நேரம்தான் பெரும்பாலும் இருக்கும் என்பதால், படம் எடுத்தவரின் போனிலேயே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கணக்குப் பகுதிகளில் இடைவெளி விழுந்தால் விடையிலிருந்து பின்னோக்கி நடக்கலாம். அதே எழுத்துப்படியில் சற்றுப் பின்னால் இப்படி இருந்தது.

```
31:12  ஒரு ஃபர்ஸ்ட் ஆர்டர் ரியாக்ஷனுக்கு கே வேல்யூ
31:49  டி ஹாஃப் முந்நூறு செகண்ட் வருதா
31:58  99.9 சதவீதம் முடிய மூவாயிரம் செகண்ட்
```

k தொலைந்துவிட்டது, ஆனால் t₁/₂ இருக்கிறது. k = 0.693/300 = 2.31 × 10⁻³ s⁻¹. கிடைத்ததைக் கொண்டு அடுத்த வரியைச் சோதியுங்கள். 99.9 சதவீதம் முடிந்தால் மீதி ஆயிரத்தில் ஒரு பங்கு; log 1000 = 3; எனவே t = (2.303 × 3)/(2.31 × 10⁻³), அதாவது ஏறத்தாழ 2991 நொடி. ஆசிரியர் மூவாயிரம் என்கிறார். இது பிழையல்ல. 99.9 சதவீதம் முடிய ஆகும் காலம் அரைவாழ் காலத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு என்பது பாடநூலிலும் வரும் நிறுவல், அவர் அதைத்தான் காட்டுகிறார். 'ஏறக்குறைய' என்ற சொல் அவர் வாயில் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். குறிப்பில் அது இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் 3000 என்பதைத் துல்லியமான விடை என்று எண்ணி, தேர்வில் வேறு எண்களோடு வரும்போது குழம்ப நேரும். அதேவேளை, ஆசிரியர் k-ஐக் கொடுத்து t₁/₂ கேட்டாரா, இரண்டுக்கும் நடுவில் வேறு ஏதாவது கேட்டாரா என்பது 31:12க்குப் பிறகு தொலைந்த அரை நிமிடத்துக்குள் இருக்கிறது. மதிப்பை மீட்டோம் என்பதற்காக வினாவையும் மீட்டதாக எண்ணக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகுதான் எழுத உட்கார வேண்டும். எழுதும்போது ஆசிரியர் பேசிய வரிசையைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் 22ஆம் நிமிடத்தில் சொன்னதை 40ஆம் நிமிடத்தில் மறுபடி சொல்லியிருப்பார், ஒருவேளை முதலில் சொன்னதைத் திருத்தியும் இருப்பார். 'இல்ல இல்ல, அது மைனஸ்' போன்ற வரிகளைத் தேடி எடுத்து, திருத்தத்தை உரிய இடத்தில் சேர்த்து, பழையதை நீக்கிவிடுங்கள். தலைப்புகளைப் பிரிக்க 'அடுத்தது', 'இனி', 'சரி, இப்ப' என்று அவர் தொடங்கும் வரிகள் உதவும். நேரக்குறியைத் தலைப்புக்கு ஒன்று என்ற அளவில் மட்டும் ஓரத்தில் வைத்துக்கொண்டால், சந்தேகம் வந்தால் பதிவின் அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம். மேலே பார்த்த ஏழு வரிகளும் கடைசியில் இப்படி ஆயின. ஆசிரியர் சொன்னதற்கு அடையாளம் எதுவும் இல்லை. நாமே வருவித்ததற்கு 'வ', தெரியாததற்குக் கேள்விக்குறி.

> அரைவாழ் காலமும் துவக்கச் செறிவும் (21:40 – 23:48)
>
> முதல்வகை வினை: k = (2.303/t) log([A]₀/[A]). t₁/₂இல் [A] = [A]₀/2 எனப் பதிலிட, t₁/₂ = 0.693/k (எண் சரிபார்க்கப்பட்டது). இதில் [A]₀ இல்லை. ஆகவே அரைவாழ் காலம் துவக்கச் செறிவைச் சாராது.
>
> வ: பூஜ்ய வகை வினை: [A] = [A]₀ − kt; ஆகவே t₁/₂ = [A]₀/2k. (22:06 – 23:31 மழை. வகை, அலகைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது.)
>
> துவக்கச் செறிவு கூடினால் அரைவாழ் காலமும் கூடும். k-இன் அலகு mol L⁻¹ s⁻¹.
>
> ? 23:48 – 'பரீட்சைக்குக் கேப்பான்': அலகா, அரைவாழ் காலமா, ஒப்பீடா?

ஏழு வரிக்கு இவ்வளவா என்று தோன்றலாம். வகுப்பு முழுவதும் இப்படி இருக்காது. இரைச்சலில்லாத இடங்களில் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றி, திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கினால் போதும். அவை விரைவாக முடிந்துவிடும். நேரம் முழுவதும் இடைவெளிகளின் கரைகளில்தான் செலவாகும், செலவாகவும் வேண்டும். இடைவெளி ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டு, அக்கரையில் முற்றிலும் புதிய தலைப்பு நின்றால், மீட்கும் முயற்சியையே விட்டுவிடுங்கள். அந்த அளவுக்கு நீண்ட இடைவெளியில் ஒரு முழுத் தலைப்பே போயிருக்கலாம். அதைப் பாடநூலிலிருந்து தனியாகப் படித்து, 'வகுப்பில் கேட்டதல்ல' என்று தலைப்பிலேயே எழுதித் தனித்தாளில் வைத்துக்கொள்வதுதான் சரி.

கடைசியாக மிஞ்சுவது கேள்விக்குறிகள். அவற்றை மட்டும் ஒரு தாளில் நேரத்தோடு எடுத்து எழுதுங்கள். சிலவற்றுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் ஓரளவு வெளிச்சம் கிடைக்கும். அரைவாழ் காலத்தை ஒப்பிடும் வினா அடிக்கடி வந்திருந்தால் 23:48இன் 'இது' அதுவாக இருக்கலாம், ஆனாலும் கேள்விக்குறியை அழிக்க அது போதாது. மிச்சத்தை ஆசிரியரிடமே கொண்டுபோங்கள். 'சாரே, அந்த கிளாஸ் மழையில சரியா கேக்கல, மறுபடி சொல்லுவீங்களா' என்று போய் நின்றால் எவருக்கும் மலைப்பாக இருக்கும். 'பூஜ்ய வகையின் அரைவாழ் காலத்தை [A]₀/2k என்று எழுதியிருக்கிறேன், சரிதானே? அதற்கு அடுத்து, பரீட்சைக்கு வரும் என்று நீங்கள் சொன்னது அலகையா, ஒப்பீட்டையா?' என்று தாளோடு போய்க் கேட்டால், அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். பதில் கிடைத்ததும் கேள்விக்குறியை அடித்துவிட்டு, அவர் சொன்ன நாளை அதன் அருகில் எழுதிவையுங்கள்.